டிஷ்யூ பேப்பரும் 500 ரூபாயும்

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் திருமங்கலம். போன மாசம்தான் மதுரையில் ஒரு பெரிய கடையில் காஸ்மெட்டிக் கவுன்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். ட்ரெய்னிங் என்று இரண்டு நாள் பொருள்களின் பெயரை மனப்பாடம் செய்ய வைத்தார்கள், அவ்வளவுதான். வந்து நிற்கிறவருக்கு என்ன ஸ்கின் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. எல்லார் முகமும் எண்ணெய் வடிகிற மாதிரிதான் தெரிகிறது. 500 ரூபாயோடு வருகிறவரிடம் 1,200 ரூபாய் சீரத்தைக் காட்டச் சொல்கிறார் சூப்பர்வைசர். காட்டக் கூச்சமாக இருக்கிறது, காட்டாவிட்டால் திட்டு விழுகிறது. பொய் சொல்லாமல் இந்த வேலையைப் பார்க்க முடியுமா?

பதில்:

முடியும், தங்கச்சி. நானும் மாசி வீதிப் பக்கம் ஒரு கடையில் உங்களைப் போலக் கவுன்டரில் நின்று ஆரம்பித்தவள்தான். இப்போது புதிதாகச் சேரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லார் முகமும் எண்ணெய் வடிகிற மாதிரி தெரிகிறது என்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குவோம். நான் செய்த முதல் பெரிய தப்பும் அதுதான்.

ஒரு சித்திரை மாசம். மதியம் 2 மணி இருக்கும். ஒரு பெண் வந்து நின்றார். நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் பளபளவென்று மின்னியது. நான் யோசிக்கவே இல்லை. ஆயில் கன்ட்ரோல் ஃபேஸ்வாஷ், ஆயில் ஃப்ரீ ஜெல் என்று இரண்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன். பத்து நாள் கழித்து வந்தார். மூக்கின் இரண்டு பக்கமும் தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது, கன்னம் சிவந்து கிடந்தது. விசாரித்தால், அவருக்கு இயல்பிலேயே வறண்ட தோல். அன்றைக்கு மின்னியது எண்ணெய் இல்லை, வியர்வை. பஸ்ஸை விட்டு இறங்கி விளக்குத்தூண் வரைக்கும் வெயிலில் நடந்து வந்திருக்கிறார். கடை மாற்றிக் கொடுக்கவில்லை. என்னாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தப் பெண் அப்புறம் நம் கவுன்டர் பக்கமே வரவில்லை.

அதனால் முதல் வேலை, வந்தவரை உட்கார வைத்து ஒரு ஐந்து நிமிஷம் ஃபேன் காற்று படவிடுங்கள். கூட்டம் இருந்தால் கண்ணாடிப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். வியர்வை அடங்கியதும் சாதாரண டிஷ்யூ பேப்பர் ஒன்றைக் கிழித்து நெற்றியிலும் மூக்கிலும் ஒரு துண்டு, கன்னத்தில் ஒரு துண்டு, லேசாக ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. எடுத்த பேப்பரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வியர்வை என்றால் பேப்பர் நனைந்திருக்கும், இரண்டு நிமிஷத்தில் காய்ந்து பழையபடி ஆகிவிடும். எண்ணெய் என்றால் வடை சுற்றி வந்த பேப்பர் மாதிரி கண்ணாடித் திட்டு விழுந்து, காய்ந்தாலும் போகாது. நெற்றியிலும் கன்னத்திலும் திட்டு விழுந்தால் எண்ணெய்த் தோல். நெற்றி மூக்கில் மட்டும் விழுந்தால் காம்பினேஷன். நம் ஊரில் அதுதான் அதிகம் வரும்.

பவுடர், ஃபவுண்டேஷன் போட்டிருந்தால் இந்தப் பேப்பர் ஒன்றும் சொல்லாது. அப்போது கேள்விதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று: "அக்கா, முகம் கழுவித் துடைச்சிட்டு ஒண்ணுமே தடவாம ஒரு மணி நேரம் இருந்தா எப்படி இருக்கும்?" இழுக்கிற மாதிரி இருக்கும் என்றால் வறட்சி. மறுபடி பிசுபிசுக்கும் என்றால் எண்ணெய். மூக்கு மட்டும் பிசுபிசுக்கும், கன்னம் இழுக்கும் என்றால் காம்பினேஷன். ஒன்றும் தெரியாது என்றால் பெரும்பாலும் நார்மல், அவருக்கு நாம் அதிகம் விற்க வேண்டியதும் இல்லை. "உங்களுக்கு ஆயிலி ஸ்கின்னா, ட்ரை ஸ்கின்னா?" என்று மட்டும் நேராகக் கேட்காதீர்கள். போன தடவை எந்தக் கடையில் யார் என்ன சொன்னார்களோ அதைத்தான் திருப்பிச் சொல்வார்கள்.

சென்சிடிவ் என்பது இந்த வரிசையில் இன்னொரு வகை இல்லை. எண்ணெய்த் தோலும் சென்சிடிவ்வாக இருக்கலாம், வறண்ட தோலும் இருக்கலாம். "எதையாவது தடவி எரிஞ்சிருக்கா, தடிச்சிருக்கா? என்ன பொருள்?" என்று தனியாகக் கேளுங்கள். ஆமாம் என்றால் வாசனை இல்லாததை எடுங்கள். எதைக் கொடுத்தாலும் முதல் மூன்று நாள் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

இனி பட்ஜெட். அதற்கு ஒரு பில்லையே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். 38 வயது இருக்கும். சத்துணவு அமைப்பாளர். ஆரப்பாளையத்தில் இறங்கி, கல்யாணச் சேலை எடுக்க வந்த சொந்தக்காரர்களோடு கடைக்குள் நுழைந்தவர், அவர்களை மாடிக்கு அனுப்பிவிட்டு நம் கவுன்டருக்கு வந்தார். கையில் செல்போன். அண்ணன் மகள் அனுப்பிய சீரம் படம் ஒன்றைக் காட்டி, "இது இருக்கா? மங்கு போகுமாம்ல" என்றார். இரண்டு கன்னத்திலும் மங்கு. ரெண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது வந்தது, போகவே இல்லை என்றார். எவ்வளவுக்குள் பார்க்கலாம் என்று கேட்டேன். "ஐந்நூறு. அதுக்கு மேல வேணாம்" என்றார்.

அந்தச் சீரம் 30 மில்லி 599 ரூபாய். கொஞ்சம் பேசியிருந்தால் 100 ரூபாய் கூடப் போட்டு வாங்கியிருப்பார். நம் ஆள்கள் பாதிப் பேர் அதைத்தான் செய்வார்கள். நான் முதலில் கேட்டது, இப்போது முகத்துக்கு என்ன போடுகிறீர்கள் என்று. இந்தக் கேள்வியை விட்டுவிட்டு எதையும் எடுத்து வைக்காதீர்கள். அவர் சொன்னது இது: காலை, மாலை, ராத்திரி என்று மூன்று வேளையும் குளிக்கிற சோப்பிலேயே முகம் கழுவுகிறார். வெள்ளி, செவ்வாயில் மஞ்சள். மேலே பவுடர். வேறு கிரீம் எதுவும் இல்லை. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு 20 நிமிஷம் நடை, மதியம் அதே வெயிலில் திரும்ப நடை. முகம் கழுவினால் கன்னம் இழுக்கும், மூக்கு பிசுபிசுக்கும் என்றார். டிஷ்யூவும் அதையே சொன்னது.

இங்கே இரண்டு விஷயம் நடக்கிறது. குளிக்கிற சோப்பின் பி.எச். 9, 10 என்று இருக்கும். தோலின் மேல்பரப்பு 5-ஐ ஒட்டி இருப்பது. ஒரு நாளைக்கு மூன்று தடவை சோப்புப் போட்டால் கன்னம் இழுக்காமல் என்ன செய்யும்? (தோல் காய்ந்தால் அதைச் சரிக்கட்ட எண்ணெய் கூடுதலாகச் சுரக்கும் என்று ட்ரெய்னிங்கில் சொல்லியிருப்பார்கள். அதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை, அதை வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள்.) இரண்டாவது, மங்கு. அதைத் தூண்டிவிடுவது வெயில். தினம் 40 நிமிஷம் வெயிலில் நடக்கிறவர் சன்ஸ்கிரீன் இல்லாமல் சீரம் மட்டும் போட்டால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். சீரம் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. அவருடைய 500 ரூபாயில் அதற்கு இடம் இல்லை.

ஆக எடுத்து வைத்தது இரண்டே பொருள். ஒன்று, சாதாரண மைல்டு ஃபேஸ்வாஷ் சின்ன டியூப், 85 ரூபாய். சோப்புக்குப் பதிலாகக் காலையிலும் ராத்திரியும் மட்டும். மாலையில் வெறும் தண்ணீர். இன்னொன்று, நிறம் கலந்த சன்ஸ்கிரீன் 50 கிராம், எஸ்.பி.எஃப் 50, பி.ஏ. நாலு பிளஸ், 395 ரூபாய். மொத்தம் 480.

ஏன் நிறம் கலந்தது என்று கேட்பீர்கள். மங்கைக் கூட்டுவது புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும்தான், அதுவும் நம்மைப் போல மாநிறம், கறுப்பு நிறத் தோலில். சாதாரண சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தைத் தடுக்காது. நிறம் கலந்ததில் அயர்ன் ஆக்சைடு இருக்கும், அது ஓரளவு தடுக்கும். பொருள் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், டியூப் படத்தை நம்பிச் சொல்லாதீர்கள். இன்னொரு லாபம், சில சன்ஸ்கிரீன் நம் முகத்தில் விபூதி பூசின மாதிரி வெளுத்துத் தெரியும், ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நிறம் பொருந்தினால் அந்தத் தொல்லை இல்லை. பொருந்துகிறதா என்று புறங்கையில் தடவிப் பார்க்காதீர்கள். தாடை ஓரத்தில் தடவி, கடை வாசல் வரைக்கும் கூட்டிப் போய்ப் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி காட்டுங்கள். கவுன்டர் லைட்டில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். அதற்காகத்தானே அந்த லைட்டைப் போட்டிருக்கிறார்கள்.

எஸ்.பி.எஃப் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 30 என்பது யு.வி.பி. கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்பது 98. வித்தியாசம் அவ்வளவுதான். 30 போட்டதற்குப் பணம் இருக்கிறது, 50-க்கு இல்லை என்றால் 30-ஐக் கொடுங்கள், மனசு கஷ்டப்பட வேண்டாம். பி.ஏ. பிளஸ் என்பது யு.வி.ஏ. கதிருக்கான கணக்கு. மங்கு இருப்பவருக்கு அதில் மூன்று பிளஸ்ஸாவது இருக்கட்டும். ஆனால் இந்த எண்கள் எல்லாம் போதுமான அளவு தடவினால்தான். இங்கேதான் பட்ஜெட் கணக்கு வருகிறது.

லேபில் சோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் தடவிப் பார்த்துத்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள். முகமும் கழுத்தும் சேர்ந்தால் ஒரு வேளைக்கு 1.2 கிராம் அளவுக்கு வரும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் ஒரு கோடு பிதுக்கினால் ஏறத்தாழ அந்த அளவு. கவுன்டரில் டெஸ்டர் இருந்தால் உங்கள் விரலிலேயே பிதுக்கிக் காட்டுங்கள். "இவ்வளவா?" என்று கண்ணை விரிப்பார்கள். நம் ஊரில் எல்லாரும் கடலைப்பருப்பு அளவு எடுத்து முகம் முழுக்க இழுப்பார்கள். ஒரு டியூப் ஆறு மாசம் வந்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆறு மாசம் வந்தால் அவர் சன்ஸ்கிரீன் போடவில்லை என்று அர்த்தம்.

இப்போது வகுத்துப் பாருங்கள். 50 கிராம் டியூப், ஒரு நாளைக்கு 1.2 கிராம், 41 நாளில் தீர்ந்துவிடும். கிராமுக்கு 7 ரூபாய் 90 காசு, ஒரு நாளைக்கு ஒன்பதரை ரூபாய், மாசத்துக்கு 285 ரூபாய். இதை அந்த அக்காவிடம் அப்படியே சொன்னேன். "நாப்பது நாளைக்கு ஒருதரம் நானூறு ரூபாய் ஒதுக்க முடியுமாக்கா? முடியாதுன்னா இப்பவே சொல்லுங்க, வேற வழி பார்ப்போம்." கொஞ்ச நேரம் யோசித்தார். "ரெண்டு மாசத்துக்கு ஒருதரம்னா முடியும்."

சரி, இரண்டு மாசம் வர வைக்க என்ன வழி? குறைத்துத் தடவச் சொல்லக் கூடாது, அது ஏமாற்று. தடவுகிற இடத்தைக் குறைக்கலாம். கழுத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டால் முகத்துக்கு மட்டும் 0.8 கிராம் போதும். 50-ஐ 0.8-ஆல் வகுத்தால் 62 நாள். கணக்கு சரியாகிவிட்டது. மதியம் மறுபடி தடவ வேண்டும், அதற்குக் காசு இல்லை. அதனால் குடை. கறுப்புத் துணிக் குடை, அகலமானது, நம் கவுன்டரில் கிடைக்காது, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் வீட்டில் ஏற்கெனவே இருந்ததாம். வெயில் நேரத்தில் பிடிக்கிற பழக்கம்தான் இல்லை, மழைக்கு மட்டும் எடுப்பாராம்.

தங்கச்சி, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இந்தக் கேள்விதான். "உங்க பட்ஜெட் என்ன?" என்று கேட்டால் இன்றைக்குக் கையில் இருக்கிற பணத்தைச் சொல்வார்கள். "இது தீர்ந்தா அடுத்ததும் வாங்குவீங்களா, எத்தனை நாளைக்கு ஒருதரம்?" என்று கேட்டால்தான் உண்மையான பட்ஜெட் வெளியே வரும். ஒரு தடவை மட்டும் வாங்கி நிறுத்திவிடுகிற 1,200 ரூபாய் சீரம் யாருக்கும் ஒன்றும் செய்யாது. தோலின் மேலடுக்கு புதுசாக மாறவே ஒரு மாசம் போல ஆகும். நியாசினமைடு, வைட்டமின் சி எதுவானாலும் எட்டு வாரம், 12 வாரம் விடாமல் போட்டால்தான் ஏதாவது தெரியும்.

விலையை ஒப்பிடும்போது பெட்டியின் விலையைப் பார்க்காதீர்கள். எம்.ஆர்.பி. பக்கத்திலேயே ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். 30 கிராம் 299 ரூபாய் டியூப், 50 கிராம் 395 ரூபாய் டியூப்பைவிட மலிவாகத் தெரியும். கிராம் கணக்கில் அது 10 ரூபாய், இது 8 ரூபாய்க்கும் கீழே. முதல் தடவை ஒத்துக்கொள்ளுமோ என்று பயப்படுகிறவருக்குச் சின்னதைக் கொடுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். பழகினவருக்குப் பெரியது.

விலை கூடினால் என்ன கிடைக்கிறது என்றும் நேர்மையாகத் தெரிந்து வைத்திருங்கள். சன்ஸ்கிரீனில் விலைக்கு ஏற்ப வித்தியாசம் நிஜமாகவே தெரியும்: பிசுபிசுப்பு குறையும், வெளுப்புத் தெரியாது, கண்ணில் இறங்கி எரியாது. மாய்ஸ்சரைசரில் அவ்வளவு இல்லை. கிளிசரின், பெட்ரோலியம் ஜெல்லி இரண்டும் மலிவான சரக்கு, 100 ரூபாய் லோஷனிலும் அதே கிளிசரின்தான், 1,500 ரூபாய் ஜாடியிலும் அதே கிளிசரின்தான். கூடுதல் காசு வாசனைக்கும், தடவும்போது இருக்கிற சுகத்துக்கும், ஜாடிக்கும். அந்தச் சுகம் வேண்டும் என்று வருகிறவருக்கு அதை விற்பதில் தப்பே இல்லை. வறட்சி போகும் என்று சொல்லி விற்றால்தான் தப்பு. ஃபேஸ்வாஷ் முகத்தில் அரை நிமிஷம் இருந்து தண்ணீரோடு போகிற பொருள், அதில் அதிகக் காசு போடவே வேண்டாம். பருவுக்கான சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷ் மட்டும் விதிவிலக்கு, அதுவும் எண்ணெய்த் தோலுக்கு மட்டும்.

இனி உங்கள் சூப்பர்வைசர். அவர் மேலும் முழுத் தப்பு இல்லை, அவருக்கு மேலே ஒருவர் பில் வேல்யூ கேட்பார். சீரத்தைக் காட்டுங்கள், மறைக்க வேண்டாம். எங்கே வைத்துக் காட்டுகிறீர்கள் என்பதில்தான் விஷயம். "முதல்ல இந்த ரெண்டும் போதும். மூணு மாசம் கழிச்சு வேணும்னா இதைச் சேர்க்கலாம்" என்று சொல்லிக் காட்டினால் காட்டின மாதிரியும் ஆச்சு, பொய்யும் இல்லை. தினமும் சன்ஸ்கிரீன் போடுகிறவர், 2,000 ரூபாய் ஒதுக்கியிருப்பவர் வருவார்கள், அவர்களிடம் அந்த 1,200 ரூபாய்ச் சீரத்தைத் தாராளமாக எடுத்துப் பேசுங்கள். சூப்பர்வைசரிடம் பேச வேண்டி வந்தால் கணக்காகப் பேசுங்கள். அந்த அக்கா இரண்டு மாசத்துக்கு ஒரு டியூப் வாங்கினால் வருஷத்துக்கு ஆறு டியூப், 2,370 ரூபாய். சீரத்தை ஒரு தடவை தலையில் கட்டியிருந்தால் 599-தான், அதோடு அவர் வேறு கடைக்குப் போயிருப்பார். எல்லா சூப்பர்வைசரும் இதைக் கேட்டுவிட மாட்டார்கள். சிலர் அந்த மாச டார்கெட்டைத் தாண்டி யோசிக்கவே மாட்டார்கள், அப்படிப்பட்டவரிடம் நானும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஸ்கீமில் தள்ளச் சொல்லும் பொருள்களில் தேதி நெருங்கினவை இருக்கும். அதையும் விற்கலாம், தேதியைக் காட்டி விற்றால். ஒரு மாசத்தில் தீர்கிற ஃபேஸ்வாஷுக்கு மூன்று மாசத் தேதி போதும். ஒரு வருஷம் வருகிற காம்பாக்டுக்குப் போதாது.

வெள்ளையாக வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் பாதிப் பேர். அவர்களிடம் பிரசங்கம் செய்யாதீர்கள். கையை மேலே தூக்கி, அக்குளை ஒட்டின மேல்கையின் உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். வெயில் படாத அந்த இடத்து நிறம்தான் அவருடைய நிறம். "வெயில்ல கருத்தது இந்த அளவுக்குத் திரும்பலாம், அதுக்கு மேல எந்த கிரீமும் மாத்தாது" என்று சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். புரியாமல் "ஏழு நாளில் வெள்ளை" என்று லேபிளே சரியாக இல்லாத ஜாடியைத் தேடிப் போகிறவரையாவது எச்சரியுங்கள். அந்த மாதிரி ஜாடிகளில் பாதரசம் கலந்திருப்பது உண்டு. கேரளாவில் மலப்புரம் பக்கம் இப்படிப்பட்ட கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்த செய்தி 2023-ல் வெளியே வந்தது. தயாரிப்பு லைசென்ஸ் எண் அல்லது இறக்குமதிப் பதிவு எண், பேட்ச் எண், தேதி, தயாரிப்பாளர் முகவரி, பொருள் பட்டியல் இதில் எது இல்லை என்றாலும் அது நம் கவுன்டரில் இருக்கக் கூடாது.

கடைசியாக ஒரு வகை, இவர்களுக்கு எதையும் விற்காதீர்கள். முகம் முழுக்கச் சிவந்து, வெயில் பட்டாலே எரிகிறது என்பார்கள். கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு ரத்தக் குழாய் தெரியும். திடீரென்று பருக்கள், பூனை முடி. "என்ன போட்டுட்டு இருந்தீங்க?" என்றால் பையிலிருந்து மெடிக்கலில் வாங்கின ஒரு சின்ன டியூப்பை எடுப்பார்கள். வாங்கிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து, 2018-ல் அந்த விதியை இன்னும் இறுக்கினார்கள், ஆனாலும் முக கிரீம் மாதிரி கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. போட்ட முதல் மாசம் முகம் பளிச்சென்று இருக்கும், அதில்தான் மயங்குவார்கள். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகக் கிளம்பும். அதனால் நிறுத்துங்கள் என்றும் நாம் சொல்லக் கூடாது, தொடருங்கள் என்றும் சொல்லக் கூடாது. அந்த டியூப்பையே கையில் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். காசு இல்லை என்றால் பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. இதற்கு பில் விழாது, சூப்பர்வைசர் முறைப்பார். முறைக்கட்டும். அதேபோல் கர்ப்பமாக இருப்பவருக்கு ரெட்டினால் போட்ட எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள், தெரியாவிட்டால் மெதுவாகக் கேட்டுவிடுங்கள்.

அந்த உசிலம்பட்டி அக்கா 70 நாள் போல ஆனதும் வந்தார், டியூப்பைக் கையிலேயே கொண்டு வந்திருந்தார். அடியிலிருந்து சுருட்டிப் பிதுக்கித் தீர்த்திருந்தார், அதைப் பார்த்ததுமே அளவாகத் தடவியிருக்கிறார் என்று தெரிந்தது. முதல் நாள் கடை வாசலில் வைத்து அவர் போனிலேயே எடுத்த படத்தோடு ஒப்பிட்டோம். மங்கு போகவில்லை. ஓரம் கொஞ்சம் மங்கலாகியிருந்தது, புதிதாகப் பரவவில்லை. கன்னம் இழுப்பது நின்றுவிட்டதாம். "சீரம் இப்ப வாங்கவா?" என்று அவராகவே கேட்டார். இன்னும் ஒரு டியூப் முடியட்டும், அப்புறமும் இப்படியே இருந்தால் சீரத்துக்குப் போடுகிற காசைத் தோல் டாக்டருக்குக் கொடுங்கள் என்றேன். 395 ரூபாய்க்கு பில் போட்டுக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.